பொங்கலுக்கு வரும் உறவுக்கு ஓர் அறை

(ஈரோடு மாவட்டத்தில் மார்கழி மாத மகளிர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி பாதியைத் தாண்டப் போகிறது. இந்நேரம் பல வீடுகளுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். "போகி ராத்திரி பஸ் ஏறிடறோம், விடியறதுக்குள்ள வந்து சேர்ந்துருவோம்." சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்புகிறவர்கள் இங்கே இறங்கும்போது பெரும்பாலும் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே உள்ளே வருவார்கள். விளக்கைப் போடும் முன்பே அந்த அறையைப் பற்றி அவர்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். அது அறையின் வாசனை.

புதுப் பெயின்ட், ஈரம் காயாத தலையணை, பீரோவிலிருந்து அப்போதுதான் எடுத்த போர்வையில் ஏறிய அந்துருண்டை, மூடியே கிடந்த ஜன்னல் என எது இருந்தாலும் கதவைத் திறந்த கணமே தெரிந்துவிடும். மேலே எத்தனை பூ வைத்தாலும் இந்த வாசனைகளை மறைக்க முடியாது. பூவின் மணமும் அந்துருண்டை நெடியும் கலந்தால் தலைவலிதான் மிஞ்சும். இந்த வாசனைகளில் பெரும்பாலானவை ஈரத்தாலோ காற்றாடாமையாலோ வருபவை. மார்கழியிலோ ஈரம் மெதுவாகத்தான் காயும். ஆகவே விருந்தாளிக்கு அறை ஒழுங்கு செய்வது என்ற வேலையில் பாதி, எதை எந்த நாளில் செய்வது என்ற கணக்குதான். இந்த உரையும் அந்தக் கணக்கைப் பற்றியே அதிகம் பேசும்.

பேச்சு வெறும் பொதுப்படையாகப் போகாமலிருக்க ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளலாம். பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஓர் ஊர். வீட்டம்மாவின் பெரியம்மா வருகிறார். எழுபது வயது, முழங்கால் வலி. அவருடைய மகளும், மகளின் எட்டு மாதக் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஐந்துக்கு ஆறரை அடிக் கட்டில் ஒன்று இருக்கிறது. ஆண்டு முழுக்க அந்த அறையில் நெல் மூட்டையும் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும்தான் கிடக்கும்.

மூட்டைகளை வெளியே எடுத்தபின் முதல் வேலை சுவர். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது இன்னும் பல வீடுகளில் விடாத வழக்கம். சுண்ணாம்பாக இருந்தாலும் பெயின்ட்டாக இருந்தாலும், ஆட்கள் படுக்கப் போகும் அறைக்கு மட்டும் போகிக்குப் பத்து நாள் முன்பே அடித்து முடிப்பது நல்லது. கூடமும் வாசலும் கடைசி நேரத்தில் அடிபட்டால் பெரிய பாதகமில்லை. அங்கே காற்று வரும். இப்போது கடைகளில் கிடைக்கும் எமல்ஷன் பெயின்ட் தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிட்டதாகத் தெரியும். ஆனால் அதன் வாடை அடுத்த சில நாட்களுக்கும் சுவரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இரவு ஜன்னலைச் சாத்தி, காலையில் கதவைத் திறந்ததும் மூக்கை வைத்துப் பார்த்தால் இது தெரியும். பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

சுண்ணாம்பில் வாடைப் பிரச்சினை இல்லை. அதற்கு வேறு ஒன்று உண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் மெல்ல மெல்லக் கெட்டியாகும். அது வரையில் கை பட்டால் வெள்ளையாக ஒட்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், காலையில் புது விரிப்பின் ஓரமும் பெரியம்மாவின் சேலையும் மாவு பூசியதுபோல் இருக்கும். கலக்கும்போது கொஞ்சம் வஜ்ஜிரம் சேர்ப்பது இதற்காகத்தான். அதோடு கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, தலைமாட்டில் ஒரு கோரைப்பாயை நிறுத்திவிட்டால் போதும். பாய் பார்வைக்கும் அழகாக இருக்கும்.

அடுத்தது மெத்தையும் தலையணையும். நம் பக்கத்து வீடுகளில் இன்னும் இலவம்பஞ்சுத் தலையணைதான் அதிகம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சுக்குப் பேர்போனது. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழல். மேலே மெழுகுபோல ஒரு பூச்சு உண்டு. அதனால்தான் அது அவ்வளவு லேசாக இருக்கிறது. ஆனால் அழுத்தம் பட்டுப் பட்டு, மழைக்கால ஈரக்காற்றும் சேர்ந்தால், பஞ்சு உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேலே மூட்டை ஏறிக் கிடந்த தலையணை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைத் துவைக்கக் கூடாது. உள்ளே போன ஈரம் எளிதில் வெளியே வராது, பஞ்சும் மறுபடி பிரியாது. வெயில்தான் மருந்து. பனி விலகிய பின், காலை ஒன்பதரை மணி வாக்கில், கயிற்றுக் கட்டிலின் மேல் போட வேண்டும். தரையில் போட்டால் கீழ்ப்பக்கம் காயாது. கயிற்றுக் கட்டிலில் அடியிலும் காற்று ஓடும். ஒரு பக்கம் மூன்று மணி நேரம், திருப்பிப் போட்டு மறுபக்கம் மூன்று மணி நேரம். நடுவில் கையால் பிசைந்து கட்டிகளை உடைத்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு உள்ளே வந்துவிட வேண்டும். சூட்டோடு அடுக்கிவிடாமல், ஆறவிட்டு உறை போட வேண்டும். இப்படி இரண்டு நாள் செய்தால் தலையணை பழைய உப்பலில் பாதியாவது திரும்பப் பெறும். அப்படியும் நடுவில் கல்லுபோலக் கட்டி இருந்தால், தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துப் பிய்த்து நிரப்ப வேண்டும், அல்லது வேறு தலையணை வாங்க வேண்டும். வெயில் அதற்குமேல் ஒன்றும் செய்யாது.

மெத்தையை வெயிலில் போடும் அதே நேரத்தில் கட்டிலையும் பார்த்துவிட வேண்டும். மெத்தைத் தையலோரங்களிலும் கட்டில் சட்டம் சேரும் மூலைகளிலும் மிளகுத்தூள் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். அதைப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு கண்டுபிடித்தால் ஆள் வைத்து மருந்தடித்து, காற்றாட விட நேரம் இருக்கும். போகியன்று கண்டுபிடித்தால் அந்தக் கட்டிலை அறையை விட்டு வெளியேற்றிவிட்டுத் தரையில் படுக்கை போடுவதுதான் ஒரே வழி.

இனி விரிப்புக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு பெட்ஷீட்டைப் பற்றிச் சுருக்கமாகப் பேச முடியாது. சென்னிமலை, திருப்பூர் குமரன் 1904-இல் பிறந்த ஊர். முருகன் மலைக்குக் கீழே இன்றும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் பெட்ஷீட் நெய்து விற்கின்றன. பண்டிகைக்குப் புது விரிப்பு வாங்க விரும்புகிறவர்கள் அங்கே போய்க் கையால் தடவிப் பார்த்து வாங்கலாம். ஆனால் வாங்கிய விரிப்பை அப்படியே பிரித்துக் கட்டிலில் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது கஞ்சி. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி புதுத் துணியில் இருக்கும். அது உடம்பில் சொரசொரவென்று உறுத்தும், வியர்வையை இழுக்காது, கடை வாசனையும் வீசும். கைக்குழந்தையின் தோலுக்கு இது ஒத்துக்கொள்ளாது. இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு சோப்புப் போட்டு அலசினால் பெரும்பகுதி போய்விடும். இரண்டு முறை துவைத்தால்தான் துணி இளகும்.

இரண்டாவது சாயம். அடர்ந்த சிவப்பு, நீலம், பச்சை விரிப்புகளை முதல் முறை தனியாகத்தான் நனைக்க வேண்டும். அதற்கும் முன்பே, ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து விரிப்பின் ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். தண்ணீரில் உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். சாயத் தொட்டியில் நூல் சாயம் ஏறுவதற்கு உப்பு உதவும். அங்கே சரியாக ஏறாத சாயத்தை நம் வாளியில் போடும் உப்பு பிடித்து நிறுத்தாது. மூன்று அலசலுக்குப் பிறகும் தண்ணீர் நிறமாகவே வந்தால், அந்த விரிப்பைப் பெரியம்மாவின் வெள்ளைத் துண்டு பக்கம் கொண்டு போகாமலிருப்பதே நல்லது.

மூன்றாவது அளவு. இது பலருக்கும் துவைத்த பிறகுதான் தெரியவருகிறது. நம் வீட்டுக் கட்டிலையே எடுத்துக்கொள்வோம். மெத்தை 60 அங்குல அகலம், 78 அங்குல நீளம், 6 அங்குல உயரம். கடையில் 90-க்கு 100 அங்குல விரிப்பு வாங்கியாயிற்று. நீளத்தில் 22 அங்குலம் அதிகம் இருக்கிறது, ஆகவே தலைமாட்டில் 11, கால்மாட்டில் 11. மெத்தையின் உயரத்துக்கு 6 அங்குலம் போனால், அடியில் செருக 5 அங்குலம் மிஞ்சும். புதிதாக விரிக்கும்போது கச்சிதமாகவே இருக்கும். ஆனால் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பாவு ஓடும் நீளவாட்டில்தான் பொதுவாக அதிகமாகச் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே 100 அங்குலம் 95 ஆகிவிடும். இப்போது செருகுவதற்கு இரண்டரை அங்குலம்தான் இருக்கும். இரண்டு முறை புரண்டு படுத்தால் விரிப்பு கழன்று நடுவில் சுருண்டுவிடும். எட்டு அங்குல மெத்தையாக இருந்தால் அரை அங்குலம்தான் மிஞ்சும். அதனால் நீளம் 108 அங்குலமாக வாங்குவது பாதுகாப்பு. வீட்டில் மெத்தையை டேப் வைத்து அளந்து, உயரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் இந்தச் சங்கடம் வராது.

பழைய விரிப்பாக இருந்தால் இந்த மூன்றும் இல்லை. ஐந்தாறு வருடம் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி விரிப்பைவிடக் குழந்தைக்கும் வயதானவருக்கும் இதமானது வேறு கிடையாது. புதுசுதான் மரியாதை என்று நினைப்பது தவறு. கிழிசலும் கறையும் இல்லாத, நன்றாகத் துவைத்த பழைய விரிப்பு முழு மரியாதைதான்.

துவைக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையே என்று தூளை அள்ளி அள்ளிப் போடுவோம். அது அலசலில் முழுதாகப் போகாமல் துணியிலேயே தங்கிவிடும். காய்ந்த பிறகு விரிப்பு விறைப்பாகவும் பழுப்பாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் நாளைத் தேர்ந்தெடுத்துத் துவைத்தால் பாதித் தூளே போதும். அது வராத ஊரில், கடைசியாக இன்னும் ஒரு முறை அலசுவதுதான் வழி.

துவைத்தபின் கஞ்சி போட்டு மொடமொடவென்று வைக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். சேலைக்குச் சரி. படுக்கை விரிப்புக்கு வேண்டாம். உறுத்துவதோடு, கஞ்சி போட்ட துணியை மடித்து வைத்தால் வெள்ளிப்பூச்சி அதைத் தேடி வரும்.

இப்போது உலர்த்தும் கணக்கு. தை பிறக்கும் முன்பு பகல் குறைவு. காலையில் கொடிக்கயிறே பனியில் நனைந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் பனி மறுபடி இறங்கத் தொடங்கும். உண்மையாகத் துணி காயும் நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரைதான். சென்னிமலைப் பெட்ஷீட் கனமானது. அதை இரட்டையாக மடித்துக் கொடியில் போட்டால் அந்த நேரத்துக்குள் உள்மடிப்பு காயாது. இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே அகலமாக விரித்துப் போட வேண்டும். காய்ந்ததா என்று நடுவில் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். பார்க்க வேண்டிய இடம் ஓரத்தில் மடித்துத் தைத்த விளிம்பு. அங்கே துணி மூன்று மடங்காக இருக்கும். அந்த விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாகத் தெரியும் வரை ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்தக் கொஞ்ச ஈரத்தோடு மடித்து வைத்த விரிப்பில் இரண்டே நாளில் பூசண வாடை வந்துவிடும். வந்துவிட்டால் சென்ட் அடித்தோ ஊதுபத்தி காட்டியோ பயனில்லை. திரும்ப வெந்நீரில் துவைத்து முழு வெயிலில் போட்டால்தான் போகும்.

இந்தத் துணி வேலைக்கு ஒரு கெடு உண்டு. அது போகிக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணி. போகி விடியலில் தெருவில் பழையது கொளுத்துவார்கள். யாராவது டயரையும் பிளாஸ்டிக்கையும் நெருப்பில் போட்டிருப்பார்கள். எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுத்தும் இது முழுதாக நின்றபாடில்லை. அந்தப் புகை கொடியில் கிடக்கும் ஈரத்துணியில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே போகியன்று கொடி காலியாக இருக்க வேண்டும். விருந்தாளி அறையின் ஜன்னலும் அன்று காலை ஒன்பது மணி வரை சாத்தியே இருக்கட்டும். புகை அடங்கியபின் திறந்துவிட்டால் மாலைக்குள் அறை காற்றாடிவிடும்.

குழந்தை வருகிற வீட்டில் அந்துருண்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் பெற்றோருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையை நாப்தலின் உருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றினாலோ படுக்க வைத்தாலோ, அந்த ஆவி உடம்பில் சேர்ந்து ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். குழந்தை வெளுத்துப்போகும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்து வரும். பச்சிளம் குழந்தைகளுக்கு இது ஆபத்தாகவே முடிந்திருக்கிறது. அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்துருண்டை விஷயத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல், அந்துருண்டையோடு கிடந்த எந்தத் துணியும் துவைத்து வெயிலில் காயாமல் குழந்தையிடம் போகக் கூடாது. உருண்டை உருண்டு போய்க் கட்டிலடியில் கிடக்கிறதா என்றும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தவழும் குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். கர்ப்பூரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். துணிக்குப் பூச்சி வராமலிருக்க, காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ மெல்லிய துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அந்துருண்டை அளவுக்கு அது வலுவானதல்ல. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயில் காட்டும் துணிக்கு அது போதும்.

அந்தக் குழந்தைக்குத் தலையணையும் கனமான போர்வையும் வேண்டாம். ஒரு வயதுக்குள் மூக்கு வாயை மூடக்கூடிய எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தொட்டில் கட்டுவதானால், உத்தரத்து வளையத்தில் முதலில் ஒரு பெரியவர் தொங்கிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் சேலையைக் கட்ட வேண்டும்.

பூவுக்கு வருவோம். விருந்தாளி அறையில் பூ என்றதும் எல்லோர் மனதிலும் மல்லிகைதான் வரும். ஆனால் தைப்பொங்கல் மல்லிகையின் காலம் அல்ல. நவம்பர் கடைசியில் குண்டுமல்லிச் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். அது தளிர்த்து, மொட்டு வைத்து, நிறையப் பூப்பது பங்குனி, சித்திரையில்தான். பொங்கல் வாரத்தில் சந்தைக்கு வருவது கொஞ்சம், விலை அதிகம். அந்த விலை கொடுத்து வாங்கிய மல்லிகையைத் தலைக்கு வைத்துக்கொள்வதே பொருத்தம். சாத்திய அறையில் இரவு முழுக்க மல்லிகை இருந்தால் மணம் கனத்துப்போகும். பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்தால் அது தொந்தரவாகவும் ஆகலாம்.

கொங்கு நாட்டில் இந்த நாட்களுக்கென்றே பூ இருக்கிறது. போகி மாலை காப்புக் கட்டுவோமே, அந்தப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும். வேப்பிலையோடு சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசல் நிலையிலும் கூரையிலும் தொழுவத்திலும் செருகுகிறோம். பொங்கலுக்கு முன்பு ஈரோட்டுச் சந்தையில் கட்டுக் கட்டாக வந்து குவியும். கூடுதலாக ஒரு கட்டு வாங்கினால் விருந்தாளி அறைக்கும் ஆகிவிடும். பூளைப்பூ வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் தண்டோரம் முழுக்கப் பூத்திருக்கும். அதற்கு மணம் கிடையாது, தண்ணீரும் தேவையில்லை. காய்ந்தாலும் நிறமும் வடிவமும் அப்படியே இருக்கும். படுக்கை அறைக்கு இதைவிடத் தோதான பூ கிடைப்பது அரிது. காட்டுமேட்டில் தானாக முளைக்கும் செடி என்பதால் இதை யாரும் ஜாடியில் வைத்துப் பார்ப்பதில்லை. சின்னச் சொம்பில் ஒரு கொத்து வைத்துப் பார்த்தால் அதன் அழகு தெரியும்.

ஆவாரம்பூ மஞ்சள் கொள்ளை அழகு. ஆனால் ஒரே நாளில் இதழ் உதிரும். அதைக் கட்டில் பக்கத்தில் வைத்தால் காலையில் தலையணையெல்லாம் மஞ்சள் இதழாக இருக்கும். அது வாசல் நிலையில் இருக்கட்டும். நிறம் வேண்டும் என்றால் செவ்வந்தி இருக்கிறது. இரவு நீளும்போது பூக்கும் செடி அது, அதனால் இந்தப் பருவத்தில் ஏராளமாகக் கிடைக்கும். காம்போடு நான்கு பூ வாங்கி, தண்ணீருக்குள் வைத்தே காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டு வைத்தால், கரிநாள் தாண்டியும் வாடாது. இலை தண்ணீரில் அழுகினால்தான் நாற்றம் வரும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பூ நன்றாக இருப்பதற்காக மட்டும் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படி வீட்டுக்குள் தேங்கும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். மூன்று கொத்துக்கு மேல் அறைக்குள் வைக்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் விருந்தாளியின் சாமானுக்கும் இடம் வேண்டும்.

கதவோரத்தில் கோலம் போடுவதானால் கல்மாவில் போடலாம். பச்சரிசி மாவுக் கோலம் எறும்புக்குத்தான். வாசலில் அது அழகு. படுக்கை அறைக்குள் போட்டால் இரவே எறும்புச் சாரி குழந்தையின் பால்பாட்டில் வரைக்கும் வந்து நிற்கும்.

இனி வரவேற்பு மூலை. பத்திரிகைப் படங்களில் மெழுகுவத்தியும் வாழ்த்து அட்டையும் வைத்து அழகாகக் காட்டுகிறார்கள். நம் வீட்டில் அந்த மூலை விருந்தாளி கேட்கக் கூச்சப்படும் பொருள்களின் மூலையாக இருந்தால் நல்லது. உறவுக்காரர்கள் வீட்டில்தான் இந்தக் கூச்சம் அதிகம். ஓட்டலில் மணியடித்துக் கேட்டுவிடலாம். இங்கே வீட்டம்மா பொங்கல் வேலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது "ஒரு துண்டு குடுங்க" என்று கேட்க மனம் வராது.

கதவைத் திறந்ததும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்ன மேஜையோ முக்காலியோ போட வேண்டும். அதன் மேல் மூடியோடு ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும். "வாங்க பெரியம்மா, தண்ணி குடிங்க" என்று வாசலில் கொடுக்கும் தண்ணீர் முதல் மரியாதை. இது இரவு இரண்டு மணிக்கு மாத்திரை போட எழும்போது குடிக்கும் தண்ணீர். பக்கத்தில் மூடி இறுகிய டப்பாவில் கடலை உருண்டையும் முறுக்கும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் வறுத்த கடலை தனியாக. ஒரு டார்ச். கொசுவத்தியைக் குழந்தை இருக்கும் சாத்திய அறையில் கொளுத்த வேண்டாம், கொசுவலையே வைக்கலாம்.

ஆளுக்கு ஒரு குளியல் துண்டும் புதுச் சோப்பும் மேஜையில் இருக்கட்டும். புதுத் துண்டும் விரிப்பைப் போலத்தான். துவைக்காத புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாது, உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டும். இரண்டு தடவை துவைத்த துண்டே கொடுக்க வேண்டும். அந்த ஈரத்துண்டைக் காயப்போட ஓர் இடமும் காட்ட வேண்டும். இதைத்தான் எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள். இடம் இல்லாவிட்டால் அது கட்டில் விளிம்பிலும் நாற்காலி முதுகிலும்தான் தொங்கும். ஒரு வாரம் உலர்த்திக் கொண்டுவந்த அறை ஒரே நாளில் ஈரவாடை அடிக்கும். அறைக்குள்ளோ வெளித் திண்ணையிலோ ஒரு கொடி கட்டி நான்கு கிளிப் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றை இழுத்து வைக்க வேண்டும். வயர் நடைபாதையில் குறுக்கே ஓடாமல் சுவரோரமாகப் போகட்டும். முழங்கால் வலிக்காரருக்கு இரவில் அதுதான் பெரிய ஆபத்து. பீரோவில் ஒரு தட்டையாவது முழுதாகக் காலி செய்து கொடுக்க வேண்டும். வீட்டுத் துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாதித் தட்டைக் கொடுத்தால் யாரும் அதில் வைக்க மாட்டார்கள், பையிலிருந்தே எடுத்து எடுத்து உடுத்துவார்கள். பையை வைக்க ஒரு ஸ்டூல் தனியாக வேண்டும். குனிந்து குனிந்து எடுக்கும் சிரமம் அதனால் குறையும்.

கடைசியாக ஒரு சின்னத் தாள். அதில் பெரிய எழுத்தில் நான்கு வரி போதும். கீஸருக்கு எந்த ஸ்விட்ச், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், காலையில் பொங்கப் பானை எத்தனை மணிக்கு வைக்கப் போகிறோம், வைஃபை பாஸ்வேர்டு என்ன. முதல் நாள் காலையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் ஆளிடம் வாயால் சொன்னால் எதுவும் நினைவில் நிற்காது.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம்பகமான வழி ஒன்று உண்டு. போகிக்கு முந்தைய இரவு வீட்டிலிருந்து ஒருவர் அந்த அறையில் படுக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து பாதம் முழுதாகத் தரையில் படுகிறதா, எழும்போது முழங்காலில் பாரம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை அடி உயரம் இருந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறைக்கு நடந்து பார்க்க வேண்டும். மின்விசிறி எந்த வேகத்தில் கடகடக்கிறது என்பதும் நடு இரவில்தான் தெரியும். படுத்த விரிப்பை விடிந்ததும் உருவிவிட்டு, ஏற்கெனவே காய்ந்து மடித்து வைத்ததைப் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே இரண்டு செட் தயாராக இருப்பது நல்லது. குழந்தை நனைத்துவிட்டாலும் அது கைகொடுக்கும்.

பண்டிகையில் சொல்லாமல் வருகிறவர்களும் உண்டு. காணும் பொங்கலுக்கு வந்த சித்தப்பா குடும்பம் "இருந்துட்டுப் போங்க" என்றதும் தங்கிவிடும். அப்போது தரையில் படுக்கை போட வேண்டும். தை மாதச் சிமென்ட் தரை ராத்திரியில் சில்லிட்டுவிடும். பாயை மட்டும் போட்டால் அந்தக் குளிர் முதுகில் ஏறும். அதற்குப் பவானி ஜமுக்காளம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துச் சரக்கு. அடியில் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம், அதற்கும் மேலே விரிப்பு என்று போட்டால் குளிர் தட்டாது. ஜமுக்காளத்தையும் தலையணைகளோடு சேர்த்து முன்கூட்டியே வெயிலில் போட்டு எடுத்திருக்க வேண்டும். மழைக்காலம் முழுக்கச் சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளத்தை அன்றிரவு பிரித்தால் தும்மலில்தான் பொழுது விடியும்.

எல்லோரும் கிளம்பிப் போனபின் விரிப்புகளை அன்றே துவைத்துவிட வேண்டும். ஒரு ராத்திரிதானே படுத்தார்கள் என்று மடித்து வைத்தால், வியர்வையும் எண்ணெயும் துணியிலேயே நின்று அடுத்த பண்டிகைக்குள் மஞ்சள் பாரித்துவிடும். விளிம்பு வரை காய்ந்த பிறகு, பழைய வேட்டி ஒன்றில் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் ஒரே செட்டாகச் சுற்றி, வசம்பு முடிச்சு ஒன்றை நடுவில் வைத்து, மெத்தையின் அளவைத் துண்டுத்தாளில் எழுதி மேலே செருகி வைக்கலாம். பங்குனியில் ஒரு நாள் அந்த மூட்டையை அவிழ்த்து வெயில் காட்டினால், சித்திரைக் கனிக்கு யாராவது வந்தாலும் பிரித்து விரித்துவிடலாம்.